மீட்டரைக் கையில் கொடுப்பார்களா என்று கேளுங்கள்

கேள்வி: எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். ஒரு சோலார் கம்பெனியில் டிரெய்னி வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. ஆனால் ஏஜென்ட் ஒருவர், பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கினால் நேராக டெக்னீஷியன் ஆகலாம் என்கிறார். எதில் சேரலாம்?

டிரெய்னியாகவே சேருங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிறவரோடு பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். அவர் தரும் தாள் உங்களை வேலையிடம் வரை கொண்டுபோய்விடும். அங்கே மல்டிமீட்டரைக் கையில் கொடுத்ததும் குட்டு உடைந்துவிடும்.

டிரெய்னி பேனல் சுமப்பார், ரெயில் பொருத்துவார், கிளாம்ப் முடுக்குவார், கேபிள் இழுப்பார். டெக்னீஷியன் அளந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவார். சம்பள வித்தியாசம் அந்தக் கையெழுத்துக்குத்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பத்து பேனல்களைத் தொடராக ஒரே சரமாக இணைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றின் லேபிளிலும் திறந்த சுற்று மின்னழுத்தம் 49 வோல்ட் என்று இருக்கிறது. மொத்தம் 490 வரவேண்டும், மீட்டர் 441 காட்டுகிறது. சரியாக 49 குறைகிறது. ஒரு பேனல் விட்டுப்போச்சு என்று டிரெய்னி கூரை முழுக்கத் தேடுவார். டெக்னீஷியன் முதலில் பேனலின் சூட்டைப் பார்ப்பார். லேபிள் கணக்கு 25 டிகிரிக்கு உரியது. பேனல் 60 டிகிரியில் கொதித்தால், டிகிரிக்கு சுமார் 0.28 சதவீதம் வீதம் கிட்டத்தட்ட 10 சதவீதம் தானாகவே குறையும். பக்கத்துச் சரமும் 441 காட்டினால் பழுதே இல்லை. அது 441 காட்டி இது மட்டும் 397 காட்டினால், இங்கே ஒரு பேனல் இணைப்பில் இல்லை. 353 என்றால் ஒரு பேனல் தலைகீழாக இணைந்திருக்கிறது, ஏனென்றால் அது தன் பங்கைத் தராததோடு இன்னொன்றின் பங்கையும் கழித்துவிடும். இதையெல்லாம் பத்து நாள் வகுப்பில் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே கட்டட வயரிங்கில் சில வருடம் கை பழகியவர் டிரெய்னியாக நெடுநாள் கிடக்கவேண்டியதில்லை. ஆனால் அவர்கள்தான் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி கிளம்பினாலும் அணைய வாய்ப்புண்டு. பேனல் தரும் டிசியில் அந்த இடைவெளி கிடையாது. மின்சாரம் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் பொறி நீண்டு, கையைச் சுட்டுத் தீயும் பிடிக்கும். இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டரைத் திறந்து, கிளாம்ப் மீட்டரில் ஓட்டம் இல்லை என்று பார்த்த பிறகே பிடுங்கவேண்டும். இந்தப் பழக்கம் வரும்வரை பழைய அனுபவத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

டிரெய்னி விளம்பரத்திலேயே இரண்டு வருட அனுபவம் கேட்கிற கூத்தும் நடக்கிறது. அனுபவம் எங்கே கிடைக்கும் என்று அந்த விளம்பரத்தை எழுதியவர்தான் சொல்லவேண்டும். அதைப் பார்த்துப் பயப்படாமல் விண்ணப்பியுங்கள்.

நேர்காணலில் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை மாதத்தில் மீட்டர் வைத்து அளக்கும் சோதனை வேலையில் சேர்ப்பீர்கள்? சோதனை அறிக்கையில் என் பெயர் வருமா? முதல் கேள்விக்கு மழுப்பினால் உங்களைச் சுமைக்கு மட்டும் எடுக்கிறார்கள். வேறு கம்பெனி பாருங்கள்.