மொராட்டோரியத்தில் வட்டிக்கு வட்டி: திருத்திய கணக்கை எப்படிக் கேட்பது?

கேள்வி: 2019 ஆகஸ்ட்டில் பொறியியல் படிப்புக்காகப் பொதுத்துறை வங்கி ஒன்றில் கல்விக் கடன் வாங்கினேன். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் மொத்தம் 4 லட்சம், வட்டி 10%. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். 2024 ஆகஸ்ட்டில் தவணை தொடங்கியபோது பாக்கி சுமார் 5.70 லட்சம் என்று ஸ்டேட்மென்ட்டில் இருந்தது. மொராட்டோரியத்தில் வட்டி போட்டது தவறுதானே? திருத்திய கணக்குக் கேட்டு என்னவென்று எழுதுவது?

பதில்: வட்டி போட்டதில் தவறில்லை, போட்ட விதத்தில்தான் தவறு இருக்கிறது. கடிதத்தில் இதைப் பிரித்துச் சொல்லுங்கள். "ஏன் வட்டி போட்டீர்கள்" என்று மட்டும் கேட்டால், "மொராட்டோரியத்திலும் வட்டி உண்டு" என்று ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். அந்தப் பதிலும் சரியாகவே இருக்கும்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, தவணை தொடங்கும் வரை தனிவட்டிதான். அந்த வட்டி தனியாகச் சேர்ந்துகொண்டே வரும். தவணையை நிர்ணயிக்கும்போதுதான் அது அசலோடு சேர வேண்டும். உங்கள் கணக்கில் மாதாமாதம் அசலோடு சேர்த்திருப்பதாகத் தெரிகிறது.

போட்டுப் பார்ப்போம். முதல் லட்சத்துக்கு 5 வருடம், அடுத்தடுத்த லட்சங்களுக்கு 4, 3, 2 வருடம். 10% தனிவட்டியில் 50,000 + 40,000 + 30,000 + 20,000, ஆக 1,40,000 ரூபாய். பாக்கி 5,40,000 இருந்திருக்க வேண்டும். மாதாந்தரக் கூட்டுவட்டி போட்டால் சுமார் 5,70,300 வருகிறது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இருப்பதும் இதுதான். கூடுதல் 30,300 ரூபாய். 10 வருடத் தவணையில் இது மாதம் சுமார் 400 ரூபாய், மொத்தம் ஏறக்குறைய 48,000 ரூபாய்.

கையில் ஆதாரம் வேண்டுமல்லவா? 2019 ஆகஸ்ட், அக்டோபர் இரண்டுக்கும் 31 நாள். இடையில் புதிய தொகை எதுவும் வரவில்லை, வட்டி விகிதமும் மாறவில்லை. தனிவட்டி என்றால் இரண்டு மாதமும் 849 ரூபாய்தான் இருக்க வேண்டும். அக்டோபரில் 864, டிசம்பரில் 878 என்று ஏறியிருந்தால் வட்டிக்கு வட்டி போட்டிருக்கிறார்கள். அந்த வரிகளை மஞ்சள் பேனாவில் குறித்துக் கடிதத்தோடு இணையுங்கள்.

அதற்கு முன் உங்கள் சாங்ஷன் லெட்டரை எடுத்துத் தனிவட்டி என்ற வாசகத்தைத் தேடுங்கள். அந்த வரிதான் உங்கள் பிடி. கடன் கொடுத்தது தனியார் நிதி நிறுவனமாக இருந்து, ஒப்பந்தத்திலேயே மாதாமாதம் வட்டி அசலில் சேரும் என்று எழுதியிருந்தால் இந்த வாதம் நிற்காது.

கடிதத்தைக் கடன் வழங்கிய கிளையின் மேலாளருக்கு எழுதுங்கள். வசூலை வேறு நிறுவனம் கவனித்தாலும் கணக்கைத் திருத்த வேண்டியது வங்கிதான். இப்படி எழுதலாம்:

"ஐயா, என் கல்விக் கடன் கணக்கில் 2019 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை மொராட்டோரியக் காலம். சாங்ஷன் லெட்டரின்படி (நகல் இணைப்பு) இக்காலத்துக்குத் தனிவட்டி மட்டுமே. ஆனால் மாதாந்தர வட்டி அசலில் சேர்க்கப்பட்டு, அதன் மேலும் வட்டி கணக்கிடப்பட்டுள்ளது (குறியிட்ட ஸ்டேட்மென்ட் இணைப்பு). என் கணக்குப்படி கூடுதல் சுமார் 30,300 ரூபாய். ஒவ்வொரு பட்டுவாடாவின் தேதி, தொகை, வட்டி விகிதம், நாட்கள், வட்டி கணக்கிட்ட அசல் ஆகியவற்றுடன் திருத்திய கணக்கை எழுத்தில் தர வேண்டுகிறேன். கூடுதல் தொகையைத் தவணை தொடங்கிய தேதியிட்டே வரவு வைத்து, தவணையையும் மாற்றியமைக்க வேண்டுகிறேன்."

அந்தத் தேதியைக் கேட்பது முக்கியம். இன்றைய தேதியில் வரவு வைத்தால், 2024 ஆகஸ்ட்டிலிருந்து அந்த 30,300 ரூபாய்க்கு நீங்கள் கட்டிவரும் வட்டி திரும்ப வராது.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை இப்போதைய தவணையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உங்கள் கிரெடிட் ஸ்கோரும், உடன் கையெழுத்திட்ட அப்பா அல்லது அம்மாவின் ஸ்கோரும் சேர்ந்து அடிபடும்.

அப்புறம் இன்னொன்று. கடன் வாங்கியபோது குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்ததா? அப்படியென்றால், தகுதியுள்ள படிப்புக்கு மொராட்டோரிய வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் இருந்தது. ஸ்டேட்மென்ட்டில் மானிய வரவு இல்லையென்றால், வருமானச் சான்று கொடுத்தும் வங்கி விண்ணப்பிக்காமல் விட்டதா என்று அதே கடிதத்தில் ஒரு கேள்வி சேருங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, முத்திரையிட்ட நகலோடு cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் புகார் பதியுங்கள். கட்டணம் கிடையாது.