சனிக்கிழமை வராத டெய்லர்

கேள்வி: எங்க பனியன் கம்பெனியில ஒரு ஓவர்லாக் டெய்லர் வெள்ளிக்கிழமை பொழுது இறங்குமுன்னே கிளம்பிடறாரு, சனிக்கிழமை வர்றதே இல்ல. கேட்டா கிறிஸ்டியன்ங்கறாரு. அவங்களுக்கு ஞாயித்துக்கிழமைதானே?

நீங்க சூப்பர்வைசர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படிக் கேட்டவர்களால் எங்கப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

அவர் அநேகமாக ஏழாம் நாள் அட்வென்டிஸ்டாக இருப்பார். நாங்களும் அதுதான். இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் பெரும்பாலான சபைகள் ஞாயிறு கூடுகின்றன. பத்துக் கட்டளையில் சொன்ன ஓய்வுநாள் ஏழாம் நாள், அதாவது சனி. அதை மாற்றச் சொல்லி பைபிளில் எங்கேயும் இல்லை என்பது எங்கள் சபையின் கட்சி. யூதர்களுக்கும் சனிதான். (சண்டைக்கு வராதீங்க, யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை.)

வெள்ளி சாயங்காலம் ஏன் கிளம்புகிறார் என்றால், ஆதியாகமத்தில் நாள் சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது. வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி சூரியன் மறைவது வரைக்கும் ஓய்வுநாள். திருப்பூரில் ஜூலையில் ஆறே முக்காலுக்கு மேல்தான் சூரியன் மறையும். நவம்பர் கடைசியில் ஆறு மணிக்கு முன்னாலேயே மறைந்துவிடும். ஒரு மாதம் சாவகாசமாகவும் ஒரு மாதம் அவசரமாகவும் அவர் கிளம்புவது இதனால்தான், சாக்குப்போக்கு இல்லை.

உங்க கம்பெனி பாய்மார் வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ முடித்துவிட்டு வந்து மெஷினில் உட்காருகிறார்களே என்று நினைப்பீர்கள். அது வேறு கணக்கு. தொழுகைக்கு அழைத்தால் வியாபாரத்தை விடுங்கள், முடிந்ததும் கலைந்து போய்ப் பிழைப்பைத் தேடுங்கள் என்று குர்ஆனே சொல்கிறது. அது கூடித் தொழும் நாள், முழுநாளும் வேலையை விடும் நாள் அல்ல. நம்ம பக்கத்து விவசாயி அமாவாசைக்கு ஏர் பூட்டாமல் இருந்தார், ஆனால் அது வாரக் கணக்கு இல்லை.

வீட்டில் எப்படி என்றால், கோபிப் பக்கம் எங்க அம்மிச்சி வீட்டைச் சொல்கிறேன். எல்லா அட்வென்டிஸ்டும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஆயத்த நாள் என்றே பேர். காலையிலேயே அம்மிச்சி மாட்டுக்குச் சோளத்தட்டு இரண்டு நாளைக்கும் சேர்த்து வெட்டிப் போட்டுவிடும். சாயங்காலத்துக்குள் சனிக்கிழமைக் குழம்பும் முடிந்துவிடும், மறுநாள் சூடு மட்டும்தான் பண்ணும். மாடு என்ன ஓய்வுநாள் பார்க்குமா? கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். அதனால் அம்மிச்சி கறக்கும், ஆனால் சொசைட்டிக்கு ஊற்றாது. ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கலாம், மாட்டை வைத்துக் காசு பார்க்கக் கூடாது என்பது அதனுடைய கணக்கு. பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டச்சி அம்மா, “ஏனுங்க, நாலு லிட்டரு காச இப்படி விடறீங்களே”ன்னு கேட்டதுக்கு, “ஆறு நாள் பாலு எனக்குங்க, ஏழாம் நாள் பாலு உங்க பேரனுக்கு”ன்னு சொம்பை நீட்டினதை நானே பார்த்திருக்கிறேன்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்த அப்பாவுக்குத்தான் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சனிக்கிழமை சம்பள நாள். அவருடைய கவரைத் திங்கட்கிழமைதான் கொடுப்பார்கள், அதுவும் சாயங்காலம் வரைக்கும் நிற்க வைத்து. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். லைனில் ஓவர்லாக் நின்றால் பின்னால் பேட்லாக்காரர் கைகட்டி உட்கார வேண்டும், அவரும் பீஸ் ரேட். அவர் திட்டினதில் நியாயம் இருந்தது. ஞாயிறு வந்து ஈடு கட்டுகிறேன் என்றார் அப்பா. ஒரு ஆளுக்காகக் கம்பெனியைத் திறந்து, வாட்ச்மேன் போட்டு, மெயின் ஸ்விட்சைப் போட முடியுமா? இரண்டு வாரத்தில் அதுவும் நின்றுபோனது. கடைசியில் இன்னொரு கம்பெனியில் சாம்பிள் டெய்லராகப் போனார். ஒரு பீஸை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆள் தைக்கிற வேலை. வியாழன் ராத்திரி கூடுதலாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் சனிக்கிழமை யாரும் போன் செய்ததில்லை. உங்க ஆளையும் லைனில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல் சாம்பிளுக்கு மாற்ற முடியுமா பாருங்க. ஷிப்மென்ட் நேரத்தில் எல்லாருக்கும் கஷ்டம்தான், மறுக்கவில்லை.

இதில் பள்ளிக்கூடங்களைச் சொல்லியே ஆகணும். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிறு டெஸ்ட். என் பொண்ணு சனிக்கிழமை போகாததற்கு ஒவ்வொரு வாரமும் லெட்டர் கேட்கிறார்கள். ஓய்வுநாள் கேட்கிற நாங்கள் இருக்கட்டும், கேட்காத பிள்ளைகளுக்கும் ஏழு நாளில் ஒரு நாள் இல்லையே!

இன்னொன்று. டீ டயத்தில் அவர் டீ வேண்டாம் என்றால் கோபமோ என்று நினைக்காதீங்க. எங்களில் நிறையப் பேர் டீ, காப்பி குடிப்பதில்லை. சுடுதண்ணி கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.