கொட்டேஷனோடு போகும் மெயிலில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: மதுரையில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். "கொட்டேஷன் இணைத்துள்ளேன், பார்க்கவும்" என்று ஒரு வரியோடு பிடிஎஃப் அனுப்பிவிடுவேன். மூணு மாசம் கழித்து அதே விலைக்குச் செய்யச் சொல்கிறார்கள், சுவரை வெட்டிய இடத்தில் பூசித் தருவதும் உங்கள் வேலைதானே என்கிறார்கள். மெயிலில் என்னதான் எழுதுவது?

பதில்: பிடிஎஃப்பை மூன்றாம் பக்கம் வரை படிக்கிறவர்கள் குறைவு. மெயிலைப் பார்ப்பார்கள், மொத்தத் தொகையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதனால் பின்னால் எதில் தகராறு வருமோ அதை மெயிலிலேயே எழுதிவிடுங்கள். ஒரு கிளினிக்குக்குப் புது ஒயரிங் போடும் வேலை என்று வைத்துக்கொள்வோம். நான் இப்படி அனுப்புவேன்:

பொருள்: கிளினிக் ரீவயரிங் – கொட்டேஷன் எண் 47 – ஜூன் 18 வரை செல்லும்

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நேரில் பார்த்ததன்படி கீழ்த்தளத்தில் 28 பாயிண்ட்டுக்குப் புது ஒயரிங், ஒரு புது டிபி, ஒரு எர்த்திங், எல்லாம் பொருளும் கூலியும் சேர்த்து ரூ.1,80,000, ஜிஎஸ்டி 18% ரூ.32,400, மொத்தம் ரூ.2,12,400. சுவரை வெட்டிப் பைப் புதைத்து, சிமெண்ட் வைத்து மூடித் தருவோம். பட்டி, பெயிண்ட், ஃபேன், லைட், இபி-யில் லோடு கூட்டும் செலவு இதில் சேராது. இந்த விலை ஜூன் 18 மாலை 6 மணி வரை. அதன் பிறகு ஒயர் விலையை மட்டும் அன்றைய டீலர் விலைப்படி மாற்றித் தருவோம். சம்மதம் என்றால் இந்த மெயிலுக்கே "கொட்டேஷன் 47 சம்மதம்" என்று பதில் அனுப்பி, முன்பணம் ரூ.1,06,200 செலுத்துங்கள். பணம் வந்த நான்காம் நாள் தொடங்கி ஆறு நாளில் முடிப்போம், அதில் இரண்டு நாள் முழுக்க கரண்ட் இருக்காது.

இதில் அதிக கவனம் கேட்பது "சேராது" என்ற வரி. சேர்வதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள், ஆனால் வாடிக்கையாளர் தானாக எது சேரும் என்று நினைத்துக்கொள்வாரோ அதை எழுதுவதில்லை. உங்கள் விஷயத்தில் பூச்சு வேலை. "பூசித் தருவோம்" என்று மொட்டையாக எழுதினால் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துத் தருவது வரை அதற்குள் வந்துவிடும், அதனால் உங்கள் வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள்: சிமெண்ட் வைத்து மூடுவது வரை. பழைய வேலைகளில் எதற்கெல்லாம் வாக்குவாதம் வந்ததோ அதிலிருந்து மூன்று நான்கை எடுத்து எழுதினாலே போதும், பத்துப் பன்னிரண்டு போட்டால் ஏதோ தப்பிக்கப் பார்க்கிறார் என்று தோன்றும்.

அடுத்தது கெடு. "15 நாள் செல்லும்" என்றால் எந்த நாளிலிருந்து? கொட்டேஷன் தேதியா, மெயில் போன தேதியா? தேதியையே போடுங்கள். ஒயரில் செம்பு விலை ஏறினால் டீலர் விலையும் ஏறும், அந்த ஏற்றத்தை எத்தனை நாள் நீங்கள் தாங்க முடியுமோ அதுதான் உங்கள் கெடு. டீலர் உங்களுக்கு ஒரு வாரத்துக்குத்தான் விலை தருகிறார் என்றால் நீங்கள் ஒரு மாதம் கொடுப்பது உங்கள் கைக்காசு. கெடு போடாவிட்டால் என்ன ஆகும்? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, கெடு சொல்லியிருந்தால் அந்த நாளோடு உங்கள் விலை முடிகிறது, சொல்லாவிட்டால் "நியாயமான காலம்" வரை நிற்கும். மூணு மாசம் நியாயமா இல்லையா என்று வாடிக்கையாளரோடு வாதாட யாருக்கு நேரம் இருக்கிறது? அப்புறம், பழைய பிடிஎஃப்பை நகல் எடுத்துத் திருத்துகிற பழக்கம் இருந்தால் அதன் அடியில் "30 நாள்" என்று பழைய வரி கிடக்கிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள். மெயிலில் ஒன்றும் பிடிஎஃப்பில் ஒன்றும் இருந்தால் அவர் தனக்குச் சாதகமானதைத்தான் பிடித்துக்கொள்வார்.

சம்மதத்தை எந்த வார்த்தையில், எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். "ஓகே சார், ஆனால் இரண்டு லட்சமாகப் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸப்பில் வந்தால் அது சம்மதம் ஆகாது, அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு நிபந்தனையில்லாத சம்மதத்தைத்தான் ஏற்கிறது. இதை நம்பி ஒயர் வாங்கிவிடாதீர்கள். உங்களுக்குக் கட்டுப்படியாகிறது என்றால் "47-ஏ" என்று புது எண், புதுத் தேதி போட்டு, "எண் 47 இனி செல்லாது" என்ற வரியோடு அதே மெயில் தொடரில் அனுப்புங்கள். பதிலே வராவிட்டால், கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு போன் போட்டு "18-ஆம் தேதியோடு விலை முடிகிறது, ஏதாவது சந்தேகம் இருக்கிறதா சார்?" என்று கேளுங்கள்.