கூட்டணிகள்தான் காரணமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப் போரின் காரணங்கள் பற்றி எங்கள் கல்லூரியில் ஒரு வரலாற்றாசிரியர் பேச வருகிறார். ஐரோப்பியக் கூட்டணிகளே முதன்மைக் காரணம் என்பது அவர் கருத்து. அது மிகையோ என்று எனக்கு ஐயம். என்ன கேட்கலாம்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

"இது மிகை இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "பல காரணங்களில் அதுவும் ஒன்று" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும். ஒப்பந்தம்தான் நாடுகளைப் போருக்குள் இழுத்தது என்றால், ஒப்பந்தம் போட்டவர்கள் வந்திருக்க வேண்டும், போடாதவர்கள் ஒதுங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்காத இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

முதலில் இத்தாலி. 1882 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியாவின் கூட்டாளி. ஆனால் 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் நடுநிலை அறிவித்தது. 1915 மே மாதம் ஆஸ்திரியாவுக்கு எதிராகவே போரில் இறங்கியது. "ஒப்பந்தம் தற்காப்புக்கானது, செர்பியாவைத் தாக்கியது ஆஸ்திரியாதானே" என்று அவர் சொல்வார். சரியான பதில்தான். அங்கேயே விடாமல், "அப்படியானால் 1879 ஒப்பந்தப்படி ஜெர்மனிக்கு என்ன கடமை இருந்தது?" என்று கேளுங்கள்.

என் பார்வையில் வலுவான கேள்வி இதுதான். ரஷ்யா தாக்கினால் ஆஸ்திரியாவுக்குத் துணை நிற்பதே அந்த ஒப்பந்தம். ஜெர்மன் பேரரசரோ ஜூலை 5 அன்றே, ரஷ்யப் படை எதுவும் நகராதபோதே, செர்பியா மீது ஆஸ்திரியா எடுக்கும் நடவடிக்கைக்கு முழு ஆதரவு என்று வாக்களித்தார். ஒப்பந்தம் கேட்டதைவிட அதிகம் கொடுத்தார். அது கூட்டணியின் கட்டாயமா, பெர்லினில் எடுத்த முடிவா?

பிரிட்டனைப் பற்றிக் கேட்பதானால் எச்சரிக்கை தேவை. பிரான்சுக்காகப் போரிடும் கடமை அதற்கு எழுத்தில் இல்லை. 1904 உடன்பாடு எகிப்து, மொராக்கோ போன்ற காலனித் தகராறுகளைத் தீர்க்கத்தான். ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் காட்டிய 1839 ஒப்பந்தமும் கூட்டணி அல்ல, பெல்ஜியத்தின் நடுநிலைக்கான உறுதி. ஆனால் 1912க்குப் பிறகு பிரெஞ்சுக் கடற்படையின் பெரும்பகுதி மத்தியதரைக் கடலில் குவிந்தது. பிரான்சின் வட கரையைப் பிரிட்டன் காக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அவர் இதை எடுத்தால், எழுதாத கடமையும் கனமானது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

நேரமிருந்தால் 1912-13 பால்கன் போர்களைக் கேளுங்கள். அப்போதும் இதே கூட்டணிகள்தான், ஐரோப்பியப் போர் மூளவில்லை. ஈராண்டில் மாறியது என்ன?

ஒரே இடத்தில் உங்கள் வாதம் தளரும்: பிரான்சும் ரஷ்யாவும். அவர்களுடைய 1894 கூட்டணி இல்லாவிட்டால், ரஷ்யாவோடு மோத நேரும்போது முதலில் பிரான்சை வீழ்த்த வேண்டும் என்ற திட்டத்தை ஜெர்மன் தளபதிகள் வகுத்திருக்க மாட்டார்கள். செர்பியத் தகராறு மேற்கு ஐரோப்பாவுக்கு வந்தது அந்த வழியில். கூட்டணிகள் போரைத் தொடங்கினவா, தொடங்கிய போரைப் பரப்பினவா என்ற கேள்வியை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.