மேட்ச்டு பெட்டிங்: லாபம் எங்கிருந்து வருகிறது, கணக்கை ஏன் முடக்குகிறார்கள்?

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கிறேன். “மேட்ச்டு பெட்டிங்கில் எந்த அணி ஜெயித்தாலும் நமக்கு லாபம்தான்” என்கிறார் அறைத்தோழர். அது எப்படி முடியும்? தொடர்ந்து லாபம் பார்ப்பவர்களின் கணக்கைப் பந்தய நிறுவனங்கள் முடக்குவது ஏன்?

பதில்:

உங்கள் தோழர் சொல்வது சரிதான். ஆனால் அந்த லாபம் ஆட்டத்திலிருந்து வருவதில்லை. புது வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக நிறுவனம் ஒதுக்கிவைத்திருக்கும் பணத்திலிருந்து வருகிறது. கணக்கு முடக்கப்படுவதற்கான காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

புக்மேக்கரிடம், அதாவது பந்தய நிறுவனத்திடம், ஓர் அணி வெல்லும் என்று பந்தயம் கட்டுவதை ‘பேக்’ என்பார்கள். பெட்ஃபேர், ஸ்மார்க்கெட்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்சுகளில் அதே அணி வெல்லாது என்றும் கட்டலாம், அது ‘லே’. அங்கே உங்களுக்கு எதிரே நிற்பவர் இன்னொரு வாடிக்கையாளர்தான். ஜெயித்த தொகையில் எக்ஸ்சேஞ்ச் ஒரு சிறு கமிஷனை எடுத்துக்கொள்ளும். ஒரே முடிவை ஓரிடத்தில் பேக் செய்து இன்னோரிடத்தில் லே செய்தால், ஆட்டம் எப்படிப் போனாலும் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். இதுதான் மேட்ச்டு பெட்டிங்.

‘10 பவுண்டு கட்டினால் 30 பவுண்டு இலவசப் பந்தயம்’ என்ற வழக்கமான சலுகையை எடுத்துக்கொள்வோம். வென்றால் கட்டிய தொகை எத்தனை மடங்காகத் திரும்பும் என்பதுதான் ஆட்ஸ். ஒரு கால்பந்து அணிக்குப் புக்மேக்கர் தரும் ஆட்ஸ் 2.10, எக்ஸ்சேஞ்சில் லே ஆட்ஸ் 2.14, கமிஷன் 2 சதவீதம். புக்மேக்கரிடம் 10 பவுண்டு கட்டுகிறீர்கள். லே தொகைக்கான கணக்கு இது:

10 × 2.10 ÷ (2.14 − 0.02) = 9.91

அணி வென்றால் புக்மேக்கரிடம் 11 பவுண்டு லாபம், எக்ஸ்சேஞ்சில் எதிராளிக்கு 9.91 × 1.14, அதாவது 11.30 நஷ்டம். வெல்லாவிட்டால் புக்மேக்கரிடம் 10 போகும், எக்ஸ்சேஞ்சில் கமிஷன் போக 9.71 வரும். எப்படியும் நஷ்டம் 30 பென்ஸ் அளவில்தான். இலவசப் பந்தயத்தைப் பெற நீங்கள் கொடுக்கும் விலை அது.

அடுத்தது அந்த 30 பவுண்டு. இலவசப் பந்தயம் வென்றால் லாபம் மட்டுமே கைக்கு வரும். கட்டிய 30 திரும்ப வராது. அதனால்தான் இதற்கு உயர்ந்த ஆட்ஸ் தேடுகிறார்கள். பேக் 5.0, லே 5.2 என்று கிடைத்தால்:

30 × (5.0 − 1) ÷ (5.2 − 0.02) = 23.17

அணி வென்றால் 120 பவுண்டு வரும், எக்ஸ்சேஞ்சில் 97.31 போகும், மிச்சம் 22.69. தோற்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்து 22.71. முதலில் இழந்த 30 பென்ஸைக் கழித்தால் ஏறக்குறைய 22.40 பவுண்டு நிற்கிறது. இதே இலவசப் பந்தயத்தை 2.0 ஆட்ஸில் போட்டிருந்தால் 15 பவுண்டுகூடத் தேறாது. ஒன்றைக் கவனியுங்கள்: 22 பவுண்டு லாபத்துக்காக எக்ஸ்சேஞ்ச் 97 பவுண்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அந்த முன்பணம் இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது. வாடகைப் பணத்தைக் கொண்டு இறங்குவது அதைவிட மோசம்.

நஷ்டமே வராது என்பது இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்தினால்தான். பேக் செய்த கையோடு எக்ஸ்சேஞ்சில் ஆட்ஸ் நகர்ந்துவிட்டால், உங்கள் லே பாதி மட்டும் ஏற்கப்பட்டு மீதி அந்தரத்தில் நிற்கும். திரையில் ‘Unmatched’ என்று காட்டும் தொகை பூஜ்யம் ஆகும்வரை அது வெறும் சூதாட்டம்தான். டென்னிஸில் இன்னொரு பள்ளம் உண்டு. வீரர் ஒருவர் காயத்தால் பாதியில் விலகினால், சில நிறுவனங்கள் பந்தயத்தையே ரத்து செய்யும். வேறு சில இடங்களில் முதல் செட் முடிந்திருந்தால் அடுத்த சுற்றுக்கு முன்னேறியவர் வென்றதாகக் கணக்கு. பேக் ரத்தாகி, லே மட்டும் உயிரோடு இருந்து தோற்றால், எக்ஸ்சேஞ்ச் பிடித்துவைத்த தொகை மொத்தமும் போய்விடும். இரண்டு இடத்து விதிகளையும் படிக்காமல் டென்னிஸ் பக்கம் போகாதீர்கள்.

இனி நிறுவனத்தின் பக்கம். சம பலமுள்ள இருவர் மோதும் ஆட்டத்தில் நியாயமான ஆட்ஸ் இருவருக்கும் 2.0. புக்மேக்கர் 1.91 கொடுப்பார். கட்டப்படும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் சராசரியாக 4.50 அவருக்கு நிற்கும். உங்களுக்குக் கொடுத்த 22 பவுண்டை இந்த விகிதத்தில் மீட்க, நீங்கள் ஏறக்குறைய 500 பவுண்டுக்குப் பந்தயம் கட்ட வேண்டும். நான்கு ஆட்டங்களை ஒன்றாகக் கோர்த்துக் கட்டுபவரிடம் அவருடைய பங்கு 17 சதவீதம் வரை ஏறிவிடும். சலுகையைக் கொடுப்பதே இந்த நம்பிக்கையில்தான்.

மேட்ச்டு பெட்டிங் செய்பவர் என்ன செய்கிறார்? லே ஆட்ஸுக்கு மிக அருகில் பேக் ஆட்ஸ் இருக்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். அதாவது புக்மேக்கரின் பங்கு கிட்டத்தட்ட இல்லாத இடங்களை மட்டும். எக்ஸ்சேஞ்சில் உங்களுக்குக் கணக்கு இருப்பது நிறுவனத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் கட்டிய நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் ஆட்ஸ் என்ன என்பதை அவர்களும் பார்க்கிறார்கள். நீங்கள் எடுத்த ஒவ்வொரு விலையும் அதை ஒட்டியே இருந்தால் விஷயம் வெளிச்சமாகிவிடுகிறது. சலுகை உள்ள நாளில் மட்டும் வருவது, சலுகைக்குத் தேவையான தொகையை மட்டும் கட்டுவது, கோர்த்துக் கட்டும் பந்தயங்களைத் தொடாமலே இருப்பது எல்லாம் அதை உறுதிப்படுத்தும் அடையாளங்கள்.

பலருக்குப் புரியாத ஓர் இடம் இது: “என் கணக்கு அவர்களிடம் நஷ்டத்தில்தான் இருக்கிறது, பிறகு ஏன் முடக்கினார்கள்?” என்று கேட்பார்கள். உங்கள் பேக் பந்தயங்கள் வரிசையாகத் தோற்று, லாபம் முழுவதும் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்திருக்கலாம். நிறுவனம் இருப்புத் தொகையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. நீங்கள் எடுத்த விலைகளைப் பார்த்து, இந்த வாடிக்கையாளரால் இனி வருமானம் வருமா என்று கணக்கிடுகிறது. உங்களைப் பாதுகாக்கும் அதே வழக்கம்தான் அவர்களுக்கு உங்களைப் பயனற்றவராக்குகிறது. அதனால் மிகுந்த கவனத்தோடு செய்பவருக்கும் இது வரும்.

பெரும்பாலும் முதலில் போவது சலுகைகள். எனக்கு ஒரு நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சல் இரண்டே வரி: இனி உங்கள் கணக்கு சலுகைகளுக்குத் தகுதி பெறாது, வழக்கம்போல் பந்தயம் கட்டலாம். அடுத்த படி தொகைக் கட்டுப்பாடு. 10 பவுண்டு என்று தட்டினால், உங்களுக்கு அனுமதி 43 பென்ஸ் என்று திரை சொல்லும். கணக்கையே மூடுவது கடைசிப் படி.

சட்டம் இதைத் தடுக்காது. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பந்தயத்தை நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தமாக்கியது. ஆனால் ஒரு பந்தயத்தை ஏற்றே தீர வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் குதிரைப் பந்தயங்களுக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட அளவுவரை ஏற்றாக வேண்டும் என்ற விதி 2014இல் வந்தது. பிரிட்டனில் அப்படி எதுவும் இல்லை. கட்டுப்படுத்துவதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோற்பவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை வெளியேற்றும் தொழில் இது என்பதை, அந்த விளம்பரங்களைப் பார்க்கும் ஒவ்வொரு இளைஞரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கணக்கு முடக்கப்பட்டால் இருப்பை எடுத்துவிட்டு விலகுங்கள். தோழர் பெயரிலோ தங்கை பெயரிலோ இன்னொரு கணக்குத் திறக்கச் சொல்வார்கள். அது ஒப்பந்த மீறல். மோசடி வழக்காகவும் மாறலாம். அடையாளச் சான்று கேட்கும்போது பணம் அங்கேயே சிக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கிருந்து தொடரலாம் என்றும் எண்ணாதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்திருக்கிறது.