25 ரூபாய் கட்டினால் பார்சல் வரும்: அட்டை மோசடி பற்றிக் கேள்வி பதில்

பெங்களூரில் இருக்கும் தமிழர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ஒரு வங்கியின் அட்டை மோசடித் தடுப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, அல்சூர்: "பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 25 ரூபாய் கட்டினால் மறுபடி கொண்டுவருவோம்" என்று மெசேஜ். போயும் போயும் 25 ரூபாய்க்கு ஒருத்தன் இவ்வளவு மெனக்கெடுவானா சார்?

அந்த 25 ரூபாய் அவனுக்கு வேண்டியதே இல்லை மேடம். உங்கள் கை தயங்காமல் இருக்கத்தான் அந்தத் தொகை. 2,500 என்று போட்டால் மகனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பீர்கள். 25 என்றால் யாரையும் கேட்க மாட்டீர்கள்.

நடப்பது இதுதான். லிங்க்கைத் தொட்டதும் அஞ்சல் துறை மாதிரியே ஒரு பக்கம் வரும். முதலில் பெயர், முகவரி, பின்கோடு கேட்கும். பிறகு அட்டை எண், காலாவதி மாதம், சிவிவி கேட்கும். நீங்கள் அடிப்பது அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் திரையில் அப்போதே தெரியும். அவன் அதை எடுத்து ஏதோ ஒரு உண்மையான ஆன்லைன் கடையில், 48,500 ரூபாய் போனுக்கோ கிஃப்ட் கார்டுக்கோ போடுவான். உங்கள் வங்கி அந்த 48,500க்கு ஓடிபி அனுப்பும். அதே நிமிடம் போலிப் பக்கத்தில் "25 ரூபாய் செலுத்த ஓடிபியை இடவும்" என்று பெட்டி திறக்கும். நீங்கள் நினைப்பது 25க்கான ஓடிபி. வங்கிக்குத் தெரிந்தது 48,500 மட்டும்தான்.

மென்பொருள் ஊழியர், எலெக்ட்ரானிக் சிட்டி: அப்படியானால் ஓடிபி மெசேஜிலேயே 48,500 என்று இருக்குமே. அதைப் படித்தும் யார் கொடுப்பார்கள்?

இருக்கும். படிப்பதில்லை, அதுதான் சிக்கல். இன்று பெரும்பாலான போன்களில் ஓடிபி வந்ததும் கீபோர்டுக்கு மேலே ஆறு இலக்கம் மட்டும் எட்டிப் பார்க்கும். ஒரு தட்டு தட்டினால் பெட்டியில் போய் உட்கார்ந்துவிடும். மெசேஜைத் திறக்கவே வேண்டியதில்லை. வசதிக்காக வைத்த ஏற்பாடு, இந்த மோசடிக்கு நல்ல ஒத்தாசை.

அதனால் அட்டைப் பணம் சம்பந்தப்பட்ட ஓடிபியை மட்டுமாவது மெசேஜைத் திறந்து பார்த்து, கையால் அடியுங்கள். அதில் தொகை, கடையின் பெயர், அட்டையின் கடைசி நான்கு இலக்கம் இருக்கும். திரையில் 25, மெசேஜில் 48,500 என்றால் அங்கேயே கதை முடிந்தது. தொகை ஒத்துப்போனாலும் கடைப் பெயரைப் பாருங்கள். அஞ்சல் துறைக்குக் கட்டும் பணத்துக்கு நகைக்கடைப் பெயர் ஏன் வருகிறது?

இன்னொன்று. ஓடிபி போட்டதும் "தவறான ஓடிபி, மீண்டும் முயலவும்" என்று அந்தப் பக்கம் சொல்லும். முதல் ஓடிபி தவறு இல்லை. அது வேலை செய்துவிட்டது. இரண்டாவதாக வருவது இரண்டாவது திருட்டுக்கான ஓடிபி. மூன்று முறை வரை போட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

கல்லூரி மாணவர், ராமமூர்த்தி நகர்: இதுக்கு இவ்வளவு தேவையா அண்ணா? முகவரியில் பூட்டுப் படமும் gov.in-உம் இருந்தா அரசு சைட், இல்லாட்டி போலி. அவ்வளவுதானே?

பாதி சரி தம்பி. பூட்டை விட்டுவிடு. உன் போனுக்கும் அந்த சர்வருக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. அந்த சர்வரே திருடனுடையது என்றால் பூட்டு இருந்து என்ன பயன்? பூட்டு வாங்க அவனுக்கும் காசு செலவில்லை.

gov.in விஷயம் சரி, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பார்:

```
www.indiapost.gov.in/...
indiapost.gov.in-xxxx.top/IN
```

https:// என்பதை விட்டுவிட்டு, முதலில் வரும் சாய்கோட்டைக் கண்டுபிடி. அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பிப் படி. முதல் முகவரி gov.in என்று முடிகிறது. அது அஞ்சல் துறையுடையது. இரண்டாவது in-xxxx.top என்று முடிகிறது. அதற்கு முன்னால் இருக்கும் indiapost.gov வெறும் அலங்காரம், அந்த .top பெயரை வாங்கியவன் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். போனில் முகவரிப் பட்டை சின்னது என்பதால் பல சமயம் முன்பகுதி மட்டும் தெரியும். பட்டையைத் தொட்டு முழுசாக இழுத்துப் பார்.

இல்லத்தரசி, முருகேஷ்பாளையா: எனக்கு +63 நம்பரிலிருந்து வந்தது. லிங்க் திறக்காவிட்டால் "Y" என்று பதில் அனுப்பிவிட்டு மறுபடி திறக்கச் சொல்லியிருந்தது. எதற்கு?

உங்களுடையது ஐபோனாகத்தான் இருக்கும். தெரியாதவர் அனுப்பும் ஐமெசேஜில் லிங்க் தொட்டால் திறக்காது. நீங்கள் ஒரு பதில் அனுப்பினால், தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டு போன் அதைத் திறக்க விடும். அந்தப் பூட்டை உங்கள் கையாலேயே திறக்கச் சொல்கிறான். எந்த அஞ்சலகமும் Y கேட்காது.

+63 பிலிப்பைன்ஸ் எண். இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் பதிவுசெய்த அனுப்புநர் பெயரிலிருந்துதான் வர வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து அதில் வரும் லிங்க்கும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அந்த வழியில் இந்த லிங்க் தாண்டாது. அதனால்தான் ஐமெசேஜ், வாட்ஸ்அப், சாதாரணப் பத்து இலக்க எண் என்று சுற்றி வருகிறார்கள். பணம் போகவில்லை, மெசேஜ் மட்டும் வந்தது என்றால் sancharsaathi.gov.in தளத்தில் சக்ஷு பகுதியில் புகார் செய்யலாம்.

செவிலியர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்: கார்டு நம்பர், சிவிவி எல்லாம் போட்டுவிட்டேன். ஓடிபி கேட்டதும் சந்தேகம் வந்து மூடிவிட்டேன். பணம் போகவில்லை. சும்மா இருக்கலாமா?

இருக்காதீர்கள். இந்தியக் கடைகளில் ஓடிபி இல்லாமல் நகராது. ஆனால் வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் எண்ணும் சிவிவியும் இருந்தாலே போதும், ஓடிபி கேட்பதே இல்லை. இன்று எடுத்த எண்ணை மூன்று வாரம் கழித்தும் பயன்படுத்துவார்கள்.

முதலில் வங்கிச் செயலியில் அட்டைப் பகுதிக்குப் போய், சர்வதேசப் பயன்பாடு, ஆன்லைன் பயன்பாடு இரண்டையும் அணைத்துவிடுங்கள். 2020 முதல் எல்லா வங்கியும் இந்த வசதியைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதற்குப் பிறகு அட்டையை நிரந்தரமாக பிளாக் செய்து, புது எண்ணோடு மாற்று அட்டை கேளுங்கள். தற்காலிகமாகப் பூட்டி வைத்து, பிறகு அதே அட்டையைத் திறந்து பயன்படுத்துவது வேண்டாம். அவன் கையில் இருப்பது அதே எண்தானே.

பேக்கரி வைத்திருப்பவர், கே.ஆர். புரம்: எங்க அப்பார்ட்மென்ட் கேட்டில் டெலிவரி பையன் தினமும் ஓடிபி கேட்கிறான். இனிமே கொடுக்கவே கூடாதா?

அது வேறு ஓடிபி, தாராளமாகக் கொடுக்கலாம். நீங்கள் வாங்கிய பொருள் கைக்கு வந்துவிட்டது என்பதற்கான எண் அது. கடையின் பெயரில் வரும், வங்கியின் பெயரில் வராது. பொருளைக் கையில் வாங்கும்போது சொல்லுங்கள், அதற்கு முன்னால் போனில் கேட்டால் சொல்லாதீர்கள்.

கணக்காளர், இந்திரா நகர்: எங்க மாமாவுக்கு நேற்றிரவு 48,500 போய்விட்டது. ஓடிபி அவர்தான் போட்டார். திரும்ப வருமா?

முதலில் வேகம். அட்டையை பிளாக் செய்துவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, கடைப் பெயர், அட்டையின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் கையில் இருக்கட்டும். பணம் இன்னும் வாலெட்டிலோ கடைக்காரரிடமோ நின்றுகொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். கிஃப்ட் கார்டாக மாறிவிட்டால் கிடைப்பது கஷ்டம். பிறகு cybercrime.gov.in தளத்தில் பதிவு செய்து, அந்த ஒப்புகை எண்ணோடு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எஃப்ஐஆர் வேண்டுமென்றால் சைபர் குற்றங்களைப் பார்க்கும், உங்கள் டிவிஷனின் சி.இ.என். காவல் நிலையம்.

சட்டப்படி நிலைமை அவ்வளவு சாதகமில்லை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தானே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. அதனால் புகார் சொன்ன நேரம் பதிவாகியிருப்பது முக்கியம். அழைப்போடு மின்னஞ்சலும் அனுப்பச் சொல்லுங்கள்.

அதே கணக்காளர்: ஏமாற்றி வாங்கியதை "தானே கொடுத்தார்" என்று சொல்வது நியாயமா?

நியாயமா என்றால் எனக்கும் உடன்பாடில்லை. தினமும் 500 ரூபாய்க்கு மேல் செலவழிக்காத அட்டையில் இரவில் திடீரென்று 48,500 போகிறது, வங்கி ஏன் நிறுத்திக் கேட்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். எப்படித் தீர்ப்பாகும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, அல்சூர்: என் ஓடிபி மெசேஜில் 25 ரூபாய்தான் இருந்தது சார். 25 மட்டும்தான் போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லைதானே?

இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அட்டை உயிரோடு இருக்கிறதா என்று சோதித்திருப்பார்கள், எண்ணைப் பிறகு பயன்படுத்துவார்கள். அல்லது அந்த ஒரு ஓடிபியிலேயே தொடர் பிடித்தத்துக்கு ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். அப்படி வாங்கிவிட்டால் பொதுவாக ஒரு தடவைக்கு 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே பிடிக்கலாம். பிடிக்கும் முன் வங்கியிலிருந்து அறிவிப்பு மட்டும் வரும். ஓடிபி மெசேஜில் மேண்டேட் என்ற சொல் இருந்ததா என்று பாருங்கள். வங்கிச் செயலியில் ஆட்டோபே பட்டியலையும் பார்த்து, தெரியாத பெயர் இருந்தால் ரத்து செய்யுங்கள். எப்படியானாலும் அந்த அட்டை எண்ணை மாற்றிவிடுங்கள்.

விற்பனைப் பிரதிநிதி, ஒயிட்ஃபீல்டு: சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பிய பார்சலுக்கு சுங்க வரி கட்டச் சொல்லி லிங்க் வந்தது. கட்டினேன், பார்சலும் வந்தது. எல்லாம் மோசடி என்பது தப்பு.

எல்லாமும் மோசடி என்று சொல்லவில்லை. வெளிநாட்டுப் பார்சலுக்கு வரி உண்டு, தனியார் கூரியர்கள் லிங்க் அனுப்பியே வசூலிக்கிறார்கள். சிலர் நம் கண்ணுக்கே பழக்கமில்லாத பெயரில் பணம் வாங்கும் பக்கத்தை வைத்திருக்கிறார்கள். திருடனுக்கு அதுவே மறைவிடம். நீங்கள் லிங்க்கைத் தொடாமல், அண்ணன் தந்த கண்காணிப்பு எண்ணைக் கூரியரின் தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள். வரி பாக்கி உண்மையென்றால் அங்கேயே தெரியும். அஞ்சல் வழி வந்தால் எண் 13 இடம் இருக்கும், முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. சிங்கப்பூர் என்றால் SG. மெசேஜில் எண்ணே இல்லையென்றால் தேட வேண்டிய வேலையும் இல்லை.

அதே பிரதிநிதி: அண்ணன் எண்ணே தரவில்லையே?

அண்ணனிடம் கேளுங்கள். ரசீதில் இருக்கும்.