வைஃபை கடவுச்சொல்லை மாற்றியும் கேமரா தானாகத் திரும்புகிறது

"சித்தி வீட்டு வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், ஆனாலும் இரவில் கேமரா தானாகத் திரும்புகிறது. ஏன்?"

அந்தக் கடவுச்சொல் அருகிலிருந்து வைஃபையில் இணைபவரை மட்டுமே தடுக்கும். வெளியாள் யாரேனும் இயக்குகிறார் என்றால், அவர் பெரும்பாலும் இணையம் வழியாகக் கேமராவின் கணக்கிலேயே நுழைகிறார். ரௌட்டரில் UPnP என்ற வசதி இயங்கினால், கேமரா யாரையும் கேட்காமல் இணையத்திலிருந்து தன்னை அடைய ஒரு வாசலைத் திறந்துகொள்ள முடியும்.

1. ரௌட்டரின் Port Forwarding, UPnP பட்டியல்களில் கேமராவின் முகவரிக்கு (192.168.1.20 போன்றது) நேராக 554 அல்லது 8080 என்ற வாசல் எண் இருந்தால், அதை நீக்கிவிட்டு UPnP-ஐ அணையுங்கள்.

2. கேமரா, செயலி, ரௌட்டர் நிர்வாகப் பக்கம் மூன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வையுங்கள். செயலியில் ஏற்கெனவே நுழைந்துள்ள மற்ற கைபேசிகளையும் வெளியேற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

இன்னொன்று: அசைவதைத் தானாகப் பின்தொடரும் Auto Tracking இயங்கினால், பூனை நடந்தாலும் கேமரா திரும்பும். அதை அணைத்தும் திரும்பினால், கேமராவை முழுமையாக மீட்டமைத்து, மென்பொருளைப் புதுப்பித்த பிறகே பயன்படுத்துங்கள்.